கழித்துக் கொடுத்த அறுநூறு

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதினேன். என் பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எனக்கு அம்புட்டுத் திமிர்.

பேரையூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் தன் காட்டில் விளைந்த கடலையை எங்களுக்குப் போடுவார். மாட்டுக்குப் புண்ணாக்கும் எங்களிடமே கடனுக்கு எடுப்பார். அதனால் அவருக்கு இரண்டு கணக்கு. அந்தத் தையில் கடலைக்கு நாங்கள் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூறு. புண்ணாக்குக்கு அவர் தரவேண்டியது ஆயிரத்து இருநூறு. பங்குனியில் அவர் மிளகாய் விற்ற பிறகுதான் புண்ணாக்குப் பாக்கியைக் கழிப்பது முதலாளியின் வழக்கம். இரண்டு பாக்கி தீராமல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையிலேயே ஒன்றில் ஒன்றைக் கழித்துக் கான்ட்ரா போட்டுவிட்டேன்: கடலைக் கணக்கில் ஆயிரத்து இருநூறு பற்று, புண்ணாக்குக் கணக்கில் அதே ஆயிரத்து இருநூறு வரவு. புண்ணாக்குக் கணக்கு தீர்ந்தது. கொடுக்க மீதி அறுநூறு.

அன்று மதியம் அவர் வந்தார். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாம், மிளகாய் வாடுகிறதாம். புது மோட்டாருக்கு ஆயிரத்து எழுநூறு சொல்லியிருக்கிறார்கள், கடைக்காரர் கடன் தரமாட்டாராம். நான் அறுநூறை எண்ணி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"புண்ணாக்குப் பாக்கிய எப்பவும்போல மிளகா வித்துத் தாரேண்ணே. இத மட்டும் முழுசாக் குடுங்க. தண்ணி இல்லாட்டி எல்லாம் போச்சு."

"பேரேட்டுல ஏறிருச்சுண்ணே. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

பொய். பதிவை அடிக்கக்கூட வேண்டாம். அதையே தலைகீழாக இன்னொரு தடவை போட்டால் இரண்டு பாக்கியும் பழையபடி நின்றிருக்கும். இரண்டு வரி வேலை. முதலாளி திருப்பரங்குன்றம் போயிருந்தார், சாயங்காலம் வந்துவிடுவார். இருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. பக்கம் அசிங்கமாகிவிடும் என்பதுதான் என் கவலை.

அவர் வாதாடவில்லை. பணத்தை வாங்கித் துண்டுத் தலைப்பில் முடிந்துகொண்டார். வவுச்சரில் ஸ்டாம்பு மேல் கையெழுத்துப் போட்டார். "வாரேண்ணே" என்றார். நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

பங்குனியில் புண்ணாக்கு எடுக்கக்கூட அவர் வரவில்லை. கடலை ஏற்றிவந்த லாரிக்காரர் விஷயத்தைச் சொன்னார். உழவு மாடு இரண்டையும் வந்த விலைக்கு விற்று மோட்டார் வாங்கினாராம். மோட்டார் இறங்குவதற்குள் மிளகாய் கருகிவிட்டதாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாராம். இதைக் கேட்டபோதும் என் கை கூட்டல் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

வருஷ முடிவில் ஆடிட்டர் அந்த இரண்டு பக்கத்தையும் புரட்டினார். கடலை போட ஆள் இல்லை, புண்ணாக்கு தின்ன மாடு இல்லை. இரண்டிலும் பாக்கி பூஜ்யம். பச்சை மையில் டிக் அடித்துவிட்டு, கணக்கென்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார். நான் நன்றி சார் என்றேன்.