தனி அடுப்பு

மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை அவனுக்கு. தெருவில் எல்லாரும் காயில்காரன் என்றே கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருவான். கை சுத்தம், வாய் சுத்தம். அவனைப் பற்றி யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, அன்று நடந்தது அவனுக்கே நம்பமுடியாததாக இருந்தது.

அவனை வளர்த்தது அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலைக்குச் சேர்ந்து அவனைப் படிக்கவைத்து, தொழிலுக்கு விட்டு, பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தாள். தனக்கென்று யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. வீடு அவள் பேரில். முன்னறை, பின்னறை, நடுவில் சமையலுக்கு ஒரு சின்ன இடம். ரேஷன் கார்டும் அவள் பேரில்தான். குடும்பத் தலைவி அக்கா, உறுப்பினர் தம்பி.

கல்யாணமான பிறகு மனைவியின் பேரை அவள் அப்பா கார்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அக்கா கார்டில் சேர்க்கவேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் மகள் பிறந்துவிட்டாள்.

குழந்தை பிறந்ததற்குக் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தான். டீயைக் குடித்துக்கொண்டே லேத் மிஷின்காரர் கேட்டார்.

"பொண்ணு பேரை எந்தக் கார்டுல சேர்க்கப் போற? உங்க அக்கா கார்டுலயா? நீயே அதுல ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆளு. இப்ப உன் பிள்ளையும் ஒட்டிக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அது உள்ளே போய் முள்ளாய்த் தைத்துவிட்டது. தனிக் கார்டு வாங்கியே தீருவது என்று முடிவு செய்தான். அதற்கும் லேத்காரரே வழி சொன்னார்.

"ஒரே வீட்டுல அக்கா தம்பின்னு சொன்னா தரமாட்டாங்க. வாடகைக்கு இருக்கேன்னு சொல்லிடு. யாரு தோண்டித் துருவப் போறா?"

முதலில் அவன் பேரை அக்கா கார்டிலிருந்து நீக்கவேண்டும். அதற்கு அக்காவின் போனுக்கு ஒரு எண் வரும். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னாள்.

"எதுக்குடா இது?"

"குழந்தை பேரைச் சேர்க்கத்தான்க்கா. அப்படித்தான் கேக்குறாங்க."

அவள் போனை அவனிடமே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு சேவை மையத்தில் மனைவியைத் தலைவியாகக் காட்டிப் புதுக் கார்டுக்கு மனுப் போட்டான். கல்யாணப் பதிவுச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பேர் நீக்கிய சான்றுகள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. தனிச் சமையல் என்று காட்டப் பின்னறை மூலையில் ஒரு மேசை போட்டு இரவல் வாங்கிய அடுப்பு ஒன்றை வைத்தான். மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"அவங்க சமைச்சதைச் சாப்பிட்டுக்கிட்டு இது என்ன கூத்து? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான். சொல்லவில்லை.

விசாரணைக்கு வழங்கல் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயது அம்மா. கைப்பையும் ஃபைலுமாக வெயிலில் நடந்து களைத்திருந்தார். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் பின்னறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

"இவங்க யாரு?"

அவன் முந்திக்கொண்டு சொன்னான்.

"வீட்டுக்காரம்மா. நாங்க வாடகைக்கு இருக்கோம், மேடம்."

காய் நறுக்குகிற சத்தம் நின்றது. அக்கா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஆய்வாளரிடம் நீட்டினாள்.

"ஆமாங்க. குடிவச்சிருக்கேன். நல்ல மாதிரி" என்றாள்.

ஆய்வாளர் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு ஃபைலைப் புரட்டி ஒரு தாளில் விரலை வைத்தார்.

"உங்க பேரை எந்தக் கார்டுல இருந்து நீக்கியிருக்கீங்கன்னு இதுல இருக்கு. தலைவி பேரு, இதே கதவு எண். உறவு, தம்பின்னு போட்டிருக்கு. அந்தத் தலைவி இவங்கதானே?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பின்னறை வாசலில் குழந்தையோடு நின்றிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆய்வாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கான்னு சொன்னா என்ன ஆயிடும்னு நினைச்சீங்க? ஒரே வீட்டுல ரெண்டு கார்டு இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. சமையல் தனியா நடக்கணும், அவ்வளவுதான். தனியா நடக்குதா?"

"நடக்கு…" என்று தொடங்கிய அக்காவை அவன் கையமர்த்தினான்.

"இல்ல மேடம். எல்லாருக்கும் இவங்கதான் சமைக்கிறாங்க."

"அப்ப தனிக் கார்டு கிடையாது. நான் இதை நிராகரிக்கத்தான் எழுதணும். நீங்க மூணு பேரும் இவங்க கார்டுலயே சேர்ந்துக்கிடலாம். மனுவைத் தலைவிதான் போடணும்."

அவர் போய்விட்டார். அக்கா மீதிக் காயை நறுக்கினாள். எல்லாருக்கும் சோறு போட்டாள். எப்போதும் அவன் தட்டில் இரண்டாம் முறை கேட்காமலே வைப்பவள், அன்று "இன்னும் போடவா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. வாடகைக்கு இருப்பவனிடம் அப்படித்தானே கேட்பார்கள்.

அடுத்த சில நாள் அவன் கடையிலேயே பொழுதைக் கழித்தான். கம்பியைச் சுற்றும்போது சுற்றுக் கணக்கு தப்பியது. சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினான். "கார்டு என்ன ஆச்சு?" என்று லேத்காரர் கேட்டதற்கு, "வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று முகம் கொடுக்காமல் சொன்னான்.

அக்காவிடம் கேட்காமல் ஆகாது. குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் தன்னையே திரும்பச் சேர்க்கச் சொல்லி அவளிடம்தான் நிற்கவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, அக்காவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு எனக்கு லீவு. அந்த மையத்துக்குப் போகணும்ல. சான்றிதழ் எல்லாம் எடுத்துக்க."

வழி நெடுக அவள் முன்னால் நடந்தாள்; அவன் பின்னால். மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், அக்கா கார்டின் விவரத்தைத் திறந்து ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"முதல்ல யாரைச் சேர்க்கணும்? உங்களுக்கு இவர் என்ன உறவு?"

அக்கா அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த கட்டண அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி" என்றாள் அக்கா. "அடுத்தது தம்பி பொண்டாட்டி. அப்புறம் தம்பி மக. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கு."

மனு ஏறியதும் ரசீதை வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாலையைக் கடக்கக் காத்து நின்றபோதுதான் கேட்டாள்.

"வாடகைங்கிற அந்த வார்த்தையை உனக்கு யாருடா சொல்லித் தந்தது?"

லேத்காரர் பேர் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவளும் அந்த ஆளைத் திட்டித் தீர்த்துவிட்டு இவனை விட்டிருப்பாள்.

"யாரும் இல்லக்கா. நானாதான் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். சமாதானமா, வருத்தமா என்று தெரியவில்லை. வண்டிகள் குறைந்ததும் கடந்து போனாள்.

மனு ஏற்கப்பட்டது. மறுமாதச் சாமான் நாலு பேருக்கும் சேர்த்தே வந்தது. அக்கா வழக்கம்போல் பேசினாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், அதைக் கொஞ்சிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தாள். குறை என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அவன்தான் வெகுகாலம் வரைக்கும் "அக்கா" என்று கூப்பிட வாயெடுத்து, அதற்கு முன் ஒரு நொடி தயங்கினான். அந்தத் தயக்கம் அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தது என்பது அவனுக்கும் தெரிந்தது.