நவச்சாரம் கரைந்து இறங்கிய ஆறு டிகிரி

என் ரெக்கார்டு நோட்டு மேசையில் வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்கையில் இடித்து நின்றது. தள்ளிவிட்டவர் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாத ரெக்கார்டுடன் போனால் தேர்வுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். எனக்குத் தருவதற்கு எங்கள் வீட்டில் இன்னொரு வருடம் இல்லை.

"ஏம்மா, நவச்சாரத்தத் தண்ணியில போட்டா இருபத்தொன்பது டிகிரி இருபத்துமூணா எறங்குச்சுன்னு எழுதியிருக்கே. கிளாசுல முப்பத்தெட்டு பேரு முப்பத்தாறுக்கு ஏறுச்சுன்னு எழுதியிருக்கான். ஒனக்கு மட்டும் தனித் தண்ணியா?"

"எறங்குச்சு சார். நான் பார்த்தேன்."

"ரூம்ல எல்லாமே இருபத்தொன்பது. அதைவிடக் குளுந்த பொருள் பக்கத்துல ஒண்ணுமில்ல. தண்ணியிலேருந்து சூடு எங்க போவும்? தானா குளுந்துச்சுன்னா தெர்மோடைனமிக்ஸ் ரெண்டாம் விதியையே கவுத்துட்டேன்னு அர்த்தம். மாத்தி எழுதிட்டு வா."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மிராசுதார் வீட்டுப் பையன் மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "குத்தகைப் பதிவுக்கு மனு குடுத்தாங்க. இப்ப கெமிஸ்ட்ரிக்கும் மனுவா?"

முப்பத்தெட்டு பேரும் ஒரே எண்ணை எழுதியது எப்படி என்பது ரகசியமே இல்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது எங்கள் கல்லூரி வழக்கம். அந்தச் சீனியருக்கு ஒரு சீனியர். ஏதோ ஒரு வருடம் இந்தச் சோதனையைக் காஸ்டிக் சோடாவில் செய்திருக்கிறார்கள். அது கரையும்போது உண்மையிலேயே சூடேறும். பிறகு பாடத்திட்டத்தில் நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைடு உப்பு, வந்தது. தலைப்பை மாற்றினார்கள், எண்களை மாற்றவில்லை. தெர்மாமீட்டரை யாரும் பார்க்காததால் அது வருடா வருடம் தவறாமல் முப்பத்தாறு காட்டிக்கொண்டிருந்தது.

இது எனக்குப் புதிதல்ல. குத்தாலத்துப் பக்கம் அப்பா உழுத நிலத்துக்கு, ஊர்க் கர்ணம் எழுதும் சாகுபடிக் கணக்கான அடங்கலில் நிலக்காரரான அந்த மிராசுதாரின் சொந்தச் சாகுபடி என்றுதான் இருந்தது. போன வருடத்து அடங்கலைப் பார்த்து இந்த வருடத்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதியலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்ததும் அப்பா மனுக் கொடுத்தார். அந்தக் குறுவைக்கு எங்கள் மடையில் மட்டும் தண்ணீர் வரவில்லை. அப்பா மனுவைத் திரும்ப வாங்கவில்லை. நான் எண்ணை மாற்றி எழுதிவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆனால் பிடிவாதத்துக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். சூடு எங்கே போனது என்று நான் சொல்லியாக வேண்டும். நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். சூடு வெப்பமானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் தானாகப் போகும் என்பதை டெமான்ஸ்ட்ரேட்டர் சரியாகத்தான் சொன்னார். ஒரே அளவு சூட்டை வெப்பநிலையால் வகுத்தால் குளிர்ந்த பக்கத்தில் பெரிய எண் வரும்; அந்த எண்தான் என்ட்ரோபி மாற்றம். அதனால் சூடான பொருள் இழக்கும் என்ட்ரோபியை விடக் குளிர்ந்த பொருள் பெறும் என்ட்ரோபி அதிகம், மொத்தம் கூடுகிறது. ஆனால் விதி கேட்பது அந்த மொத்தத்தை மட்டுமே. சூடு ஓடுவது மொத்தம் கூடுவதற்கு ஒரு வழி. அதுதான் ஒரே வழி என்று விதி எங்கும் சொல்லவில்லை.

இன்னொரு வழி நாற்றங்காலில் கிடந்தது. முடிச்சாகக் கட்டிய நாற்று ஒரே விதமாகத்தான் நிற்கும். அவிழ்த்து வயல் முழுக்க இறைத்தால் அது கிடக்கக்கூடிய விதங்களுக்குக் கணக்கே இல்லை. நவச்சாரப் படிகம் அந்த முடிச்சு. கரைந்தால் துகள்கள் தண்ணீர் முழுக்கப் பரவுகின்றன; விதங்கள் பெருகுகின்றன, அதோடு என்ட்ரோபியும் கூடுகிறது. நாற்றை இறைக்க ஆள் வேண்டும். துகள்களுக்கு வேண்டாம், தண்ணீரின் ஓயாத அசைவே போதும். படிகத்தைப் பிரிக்க ஆற்றல் செலவாகும். அந்தச் செலவைத் தண்ணீர் தன் சூட்டிலிருந்தே கொடுக்கிறது. சூடு எங்கும் போகவில்லை, அங்கேயே செலவாகிவிட்டது. குளிர்ந்ததால் கொஞ்சம் என்ட்ரோபி குறைகிறது, பரவியதால் அதைவிடக் கூடுதலாகச் சேர்கிறது. யூரியா கரைத்த வாளியில் கை விட்டு விறைத்துப்போன ஒவ்வொரு மார்கழியிலும் இதை நான் தொட்டிருக்கிறேன், பெயர் தெரியாமல்.

என் மேசைக் கூட்டாளியின் அப்பா, அவள் சொல்லில் அத்தா, கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்தார். அவளிடம் தெர்மாஸ் பிளாஸ்க் கேட்டேன்.

"எதுக்குடி?"

"உள்ளேயிருந்து சூடு வெளிய போவாது, வெளியேருந்து குளிர் உள்ள வராது. அப்பவும் எறங்குதான்னு காட்டணும்."

"காட்டு. ஆனா கழுவிக் குடுத்துரு. டீயில நவச்சாரம் இருந்தா எங்கத்தா என்னையும் சேத்துக் கரைச்சுருவாங்க."

கையெழுத்துக்குக் கடைசி நாள். வகுப்பு முழுக்க இருந்தது. பிளாஸ்கில் நூறு மில்லி தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரை டெமான்ஸ்ட்ரேட்டரிடமே நீட்டினேன். "நீங்களே பாருங்க சார்."

"இருபத்தொன்பது" என்றார், வேண்டாவெறுப்பாக.

பத்து கிராம் நவச்சாரத்தைக் கொட்டிக் கலக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். என் கூட்டாளி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இருபத்துமூணு சார்."

"பிளாஸ்க் ஓட்டையா இருக்கும்."

"ஓட்டையா இருந்தாலும் ரூமு இருபத்தொன்பது சார். அதுக்குக் கீழ எப்படிப் போவும்?" என்றேன் நான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் படிகம், பரவல், மொத்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குறுக்கிட்டார். "அப்ப தானா எது வேணா குளுரலாமா?"

"வெறும் தண்ணி குளுராது சார். அங்க பரவுறதுக்கு ஒண்ணுமில்ல, மொத்தம் கொறைஞ்சுரும். இங்க உப்பு கரையுது. கரைஞ்ச உப்பு தானா படிகமாத் திரும்பித் தண்ணியச் சூடாக்கிட்டுப் பழையபடி உக்காந்துச்சுன்னா, அப்பத்தான் ரெண்டாம் விதி உடையும். வேணும்னா சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து பாக்கலாம்."

மிராசுதார் வீட்டுப் பையன் எழுந்து வந்தான். கேலிக்கு என்று நினைத்தேன். பிளாஸ்கில் இருந்ததைக் கொஞ்சம் பீக்கரில் ஊற்றி வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். "குளுருதுடா" என்றான் தன் சிநேகிதனிடம். பிறகு, "எங்க ரெக்கார்டெல்லாம் என்ன சார் ஆவும்?" என்று கேட்டான்.

டெமான்ஸ்ட்ரேட்டருக்கும் அதுதான் கவலை. என்னை மட்டும் சன்னலோரம் கூப்பிட்டார். "முப்பத்தெட்டு ரெக்கார்டுல ஏற்கெனவே நான் கையெழுத்துப் போட்டாச்சு. ஒனக்கும் போடறேன். வெளியேருந்து எக்சாமினர் வருவாரு. நீ வாயத் தொறக்காம இருக்கணும்."

"அவரா எதுவும் கேக்காத வரைக்கும் நான் பேச மாட்டேன் சார். கேட்டா இருபத்துமூணுன்னுதான் சொல்லுவேன்."

அவர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் பீக்கரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தங்கள் ரெக்கார்டைத் திறந்து முப்பத்தாறை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். பத்துக்கு நான்கு போட்டார். உள்ளே போக அது போதும். பக்கத்தில், "அதிகப்பிரசங்கம் கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ரெக்கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்பு மை அந்தப் பக்கத்தில் நிறைய இடத்தில் விழுந்திருக்கிறது. எழுத்துப்பிழைக்கு ஒரு வட்டம், கோணலான கட்டத்துக்கு ஒரு கோடு. இருபத்துமூன்றின் மேல் மட்டும் எதுவும் இல்லை.