கறுப்பு நூல் தெரிந்த படம்

என் அண்ணி தைக்கும் தோள்பையில் குறை சொல்ல ஆளே கிடையாது என்று ஊரெல்லாம் அளந்துவிட்டவள் நான்தான். துணிக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, சமையலறைக்கு அடுத்த அறையில் மெஷினைப் போட்டு, இணையத்தில் கடை திறந்தவள் அவள். ஆனால் கடைப் பக்கத்தில் வாங்கியவர்கள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பார்க்காத பையை யார் நம்பி வாங்குவார்கள்? விற்பனை படுத்தால் மறுபடியும் கம்பெனி வாசல்தான்.

அப்போது பை வாங்கிய ஒரு டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. “பை ரொம்ப அழகுங்க. எங்க வாங்கினேன்னு எல்லாரும் கேக்கறாங்க.”

என் அண்ணன் துள்ளிவிட்டான். “போட்டோவோட அஞ்சு ஸ்டார் போட்டா அடுத்த பைக்குத் தள்ளுபடின்னு அனுப்பு!”

“காசு குடுத்துப் புகழ் வாங்கறதுக்கு நானே எழுதிக்கலாமே. நீங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க,” என்றாள் அண்ணி. பிறகு யோசித்து யோசித்துத் தட்டினாள்:

“பிடிச்சிருக்குன்னு சொன்னது மனசுக்கு நிறைவா இருக்கு. நேரமும் விருப்பமும் இருந்தா, கடைப் பக்கத்துல ஒரு போட்டோவோட விமர்சனம் போடுங்க. நிறையோ குறையோ, உள்ளபடி எழுதுங்க. இதுக்குப் பரிசு, தள்ளுபடி எதுவும் கிடையாது. போடலைன்னாலும் ஒண்ணும் இல்லைங்க, திரும்பக் கேக்க மாட்டேன்.”

படம் வந்தது. தோள்பட்டியின் அடியில் கறுப்பு நூலில் கோணல்மாணலாகக் கைத்தையல். கீழே நாலு ஸ்டார். ‘ஒரு பக்கம் பட்டி பிரிந்தது, நானே தைத்துக்கொண்டேன். மற்றபடி அருமையான பை.’

அண்ணியின் முகம் செத்துவிட்டது. பட்டி சேரும் இடத்தில் சதுரமாகத் தையல் ஓட்டி, நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால்தான் கனம் தாங்கும்.

“அந்த வாரம் ஆர்டர் குவிஞ்சுதுன்னு ஒத்தைத் தையலோட விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்,” என்றாள்.

“புதுப் பை குடுத்து அந்த விமர்சனத்தை எடுக்கச் சொல்லிடேன்,” என்றான் அண்ணன்.

“அதுக்குப் பேரும் லஞ்சம்தான்.”

விமர்சனத்துக்குக் கீழேயே எல்லோரும் பார்க்கப் பதில் போட்டாள்: தப்பு என்னுடையது, அந்த வாரம் வாங்கியவர்கள் பையை அனுப்புங்கள், என் செலவில் தைத்துத் தருகிறேன். டீச்சருக்குப் புதுப் பை அனுப்பினாள், விமர்சனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. அந்த வாரம் வாங்கிய மற்றவர்களுக்கும் தனித்தனியாகச் செய்தி போனது.

ஒருவர் உடனே பதில் போட்டார். பை கிடைத்ததும் ஆஹா ஓஹோ என்று அண்ணிக்குச் செய்தி எழுதியிருந்தவர்.

“எங்களுதும் அன்னிக்கே பிரிஞ்சுதுங்க, தைச்சுக்கிட்டோம். இவ்வளவு ஆசையாப் பேசறவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு.”

அண்ணி போனை என் மடியில் போட்டாள்.

“நான் படவேண்டிய கூச்சத்தை அவங்க பட்டிருக்காங்க, பாரு,” என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.