தோழிக்குப் போன வேலை

எண்ணூர் சாலையிலுள்ள ஒரு கண்டெய்னர் யார்டுக்கு ஆறு ஆண்டுகளாகப் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். அவற்றுக்குப் படம் வரைந்தவள் என் கல்லூரித் தோழி. இருவரும் வீட்டிலிருந்தே செய்தோம்; எழுதியதைப் படித்துக் காட்ட மட்டும் நான் யார்டுக்குப் போவேன். அங்கே எங்களுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

அந்த நாற்காலி ஒருநாள் எனக்கு மட்டும் வந்தது. பணி நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு எல்லாம் இருந்தன. வேறெந்த நிறுவனத்துக்கும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. மணலியில் நான் எழுதித்தரும் இரண்டு சிறிய கிடங்குகளை எண்ணி, அந்த நிபந்தனையைத் தளர்த்தும்படி கேட்டேன்.

"அது எல்லாருக்கும் பொது மேடம். நீங்க வரலைன்னா படம் போடறவங்களைக் கேக்கலாம்னு இருக்கோம்" என்றார் மேலாளர்.

அதன்பின் கிடங்குகள் நினைவிலேயே இல்லை. அவள் கழுத்தில் தொங்கப்போகும் அடையாள அட்டையே கண்ணில் நின்றது. கல்மண்டபத்து டீக்கடையில், எனக்கு வேலை வந்திருப்பதை அவளிடம் சொன்னேன்.

"இன்னாடி, இன்னும் யோசிச்சிக்கினே கீறே? எனக்கு வந்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்" என்று சிரித்தாள். அவளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே கையெழுத்திட முடிவு செய்தேன்.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குமுன் புதிய அறிவிப்பைத் தொழிலாளர்களிடம் படித்துக் காட்டப் போனேன். வழக்கமாக, "இது எவனுக்குக்கா புரியும்?" என்று ஒவ்வொரு வரியையும் கிழித்தெடுப்பார்கள். அன்று மேலாளர், பார்வையாளருக்கான பச்சை ஹெல்மெட்டுக்குப் பதிலாக அதிகாரிகள் அணியும் வெள்ளை ஹெல்மெட்டைத் தந்திருந்தார். படித்து முடித்தேன்.

"எல்லாம் புரியுது மேடம்" என்றார்கள்.

எனக்கே தெளிவில்லாத வரியொன்று அதில் இருந்தது. அதைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அதிகாரியாகிவிட்டால் இனி யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியது. புரியாத அறிவிப்பால் ஒருவர் கை நசுங்கினால் என்ன செய்வேன் என்று அஞ்சி, வேலையை மறுத்தேன். முன்போலவே எழுதித் தருவதாகச் சொன்னேன். தோழியிடம் காரணத்தையும் விளக்கினேன்.

"அப்போ நான் போவட்டா?" என்றாள்.

"போ" என்றேன். அந்த ஓரெழுத்தோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சென்ற வாரம் மீண்டும் அதே யார்டு. வெள்ளை ஹெல்மெட் இப்போது அவள் தலையில். கிரேன் ஓட்டுநர் ஒருவர் அவள் வரைந்த தாளைப் பிடுங்கினார்.

"இன்னாக்கா, ஆளு இப்டியா குனிவான்? முதுகு புட்டுக்கும்!"

"நீ குனிஞ்சி காட்டு நைனா, பாக்கலாம்" என்றாள். அவர் குனிய, கூட்டம் கைதட்ட, அவள் அங்கேயே அழித்து வரைந்தாள்.

அன்று அவர்களை வாயடைக்கச் செய்தது ஹெல்மெட் அல்ல, அதை நான் அணிந்திருந்த விதம்தான் என்று அப்போது தெரிந்தது. என் முடிவு நேர்மையானது என்று இன்றும் வாதிடுவேன். ஆனால் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றபோது நான் விரும்பியது ஒன்றுதான்: யாராவது ஒருவர் அவளுக்கு அஞ்சி மௌனமாக இருக்க வேண்டும். ஒருவர்கூட இருக்கவில்லை.