பூட்டி வச்ச ஊசி

மகனுக்கு முட்டை கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாதெண்டு அக்கா வகுப்பு டீச்சருக்குக் கடிதம் எழுதினா. "முகம் வீங்கி மூச்சு இழுத்தா உடனே தொடையில ஊசியைப் போடுங்கோ. நடக்க விடாதேங்கோ. அம்புலன்சுக்குப் போன் அடியுங்கோ."

"முட்டைக்குப் பயந்த வீரன்" எண்டு மருமகனை நக்கலடிச்சபடி, கடிதத்தையும் ஊசியையும் நான்தான் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில குடுத்தனான்.

அடுத்த கிழமை அவனைக் கூட்டிவரப் போனன். வகுப்பில ஆருக்கோ பிறந்தநாள். மருமகன்ட கையிலயும் பட்டர் கேக்.

தட்டிவிட்டன்.

"டீச்சர், ஊசி எங்க?"

"பிள்ளையள் தொடுவினமெண்டு ஒபிஸ் அலுமாரியில பூட்டினது, தம்பி. சாவி பிரின்சிபலிட்ட. அவ இண்டைக்கு லீவு."

"கடிச்சியாடா?"

"இல்ல மாமா."

எண்டாலும் வீடு வரைக்கும் அவன்ட உதட்டையே பாத்துக்கொண்டு வந்தன்.