சோடா போட்ட பருப்பு

குக்கர் விசில் அடித்தாலே எனக்குக் குமட்டும். ஆவியோடு நுரை பொங்கி, வெயிட்டைச் சுற்றி வழிந்து, மூடியில் ஒழுகி, தீயில் பட்டுக் கருகும். சுவர் டைல்ஸில் யாரோ கோழை துப்பி வைத்ததுபோல் தெறித்திருக்கும். காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டினாலும் போகாது. நுரை போய் வெயிட்டின் துளையில் அடைத்துக்கொண்டால் குக்கர் என்ன ஆகுமோ என்கிற பயம் வேறு.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவரால் மென்று விழுங்க முடியாது. குழைந்த சோற்றில் வெண்ணெய்போல் மசிந்த பருப்பைப் பிசைந்து ஊட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அரைவேக்காட்டுப் பருப்பு ஒன்று தொண்டையில் நின்றாலும் புரையேறிக் கண் பிதுங்கிவிடும்.

கோடையில் கிணறு வற்றியதும் போர் போட்டு, அந்தத் தண்ணீரைச் சமையலறைக் குழாயில் விட்டோம். அதற்குப் பிறகு பருப்பு வேகவே இல்லை. மருமகள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டாள். போகப்போக அது அரைக் கரண்டி ஆயிற்று. பருப்பு கரைந்தது, ஆனால் பசைபோல வழவழவென்று. மஞ்சள்தூள் சேர்ந்ததும் செம்மண் நிறமாகிவிடும். நுரையோ இரட்டிப்பாகப் பொங்கியது.

அவர் ஒரு வாய் வாங்கி நெஞ்சிலேயே வழியவிட்டார்.

"சோப்பு," என்றார். அந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்தது.

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். துணி சோப்பை நக்கியது போலத்தான் இருந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். தினமும் இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. தோள் எலும்பு பனியனுக்குள் துருத்திக்கொண்டு நின்றது.

யாரிடமும் முகத்துக்கு நேரே எதையும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. மருமகள் பக்கத்து டவுனான சித்தூரில் துணிக்கடை வேலைக்குப் போகிறவள். அவளுக்கு லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"அம்மிணி, இன்னிக்கு அந்தச் சோடாவப் போடாம வெச்சுப் பாக்கலாமா?"

"போடாட்டிக் கல்லாட்ட இருக்குதுங்க அத்தை. மாமாவுக்குப் பொறையேறுனா?"

"நொரையாவது அடங்குதான்னு பாக்கறேன்."

"பாருங்க. சொவரத் தொடச்சுத் தொடச்சு என்ற கையே மஞ்சளாப் போச்சு."

அவள் குக்கரைக் கழுத்துவரை நிரப்புவாள். நான் பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை களைந்து, தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கும் கீழேயே வைத்தேன். மூடாமல் கொதிக்கவிட்டு, மேலே திரண்ட அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்து எறிந்தேன். ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மூடி, முதல் விசிலுக்குப் பிறகு தீயைச் சிறிதாக்கினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆவி தானாக அடங்கியபின் திறந்தோம்.

மருமகள் ஒரு பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை.

"பல்லாங்குழி ஆடறதுக்கு ஆகுங்க அத்தை."

எனக்கு முகமெல்லாம் சுருங்கிவிட்டது. அதைப் பசுவின் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். அவள் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கை நின்றது.

"இந்தத் தண்ணியில சோப்பே நொரைக்க மாட்டீங்குது. கொதிக்க வெச்ச போசி, பாத்தரமெல்லாம் வெள்ளையாப் படை கட்டுது. இதுல பருப்பு எங்கீங்க வேகும்?"

இரண்டு பேருமே மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தோம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. குடிப்பதற்கு மட்டும்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதில் சமைக்க யாருக்கும் மனசு வராது.

"எடுத்துக்க," என்றேன்.

"நெசமாத்தானுங்களா? இன்னிக்குக் கொழாயும் வரலீங்க."

"எடுத்துக்க அம்மிணி. மனுசன் சாப்பிட்டு எத்தன நாளாச்சு."

அந்தத் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் ஊறவைத்து, அதிலேயே வேகவைத்தோம். நுரை எடுப்பது, எண்ணெய், சிறு தீ எல்லாம் முன்போலத்தான். மூடியைத் திறந்தபோது பருப்பு இதழ் விட்டுப் படிந்திருந்தது. கரண்டியின் முதுகால் ஒரு அழுத்துதான், மசிந்துவிட்டது. நல்ல மஞ்சள் நிறம். உப்பை அப்புறம்தான் போட்டேன்.

சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். அவர் வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். துப்பப்போகிறார் என்று தாடைக்குக் கீழே துண்டைப் பிடித்தேன். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை திறந்துகொண்டே இருந்தார்.

"நாளைப் பருப்புக்கு ஒரு சொம்புதான் மிச்சமுங்க," என்றாள் மருமகள். "நமக்குக் குடிக்கறதுக்கு?"

"அந்தக் கண்றாவியக் காய்ச்சுனா ஆச்சு."

போர்த் தண்ணீரைக் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். சுண்ணாம்புச் சுவரை நக்கியதுபோல நாக்கில் ஒட்டிக்கொண்டது. மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, குடத்தின் மேல் தட்டை வைத்து மூடினேன்.