எங்கள் அடுக்களைக்கு மதிப்பெண் போட வந்தார்கள்

பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் எங்கள் வீட்டு அடுக்களையை உணவு டெலிவரி செயலியில் ஏற்றுவதென்று முடிவானதும், யார் சமைப்பதாகச் சொல்வது என்பதில்தான் முதல் பஞ்சாயத்து வந்தது. சமைக்கப்போவது என் மாமியார். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு ரசம், சந்தவை எல்லாம் அவர் கைப்பக்குவம். நான் வெங்காயம் உரிப்பேன், போனைப் பார்ப்பேன். ஆனால் என் கணவரின் அக்கா, நாங்கள் நங்கை என்று கூப்பிடுகிறவர், வேறு மாதிரித் தீர்ப்புச் சொன்னார்.

"புதுசா தொழில் தொடங்கறப்ப அம்மாவ முன்னால நிறுத்தாத. பேரு உன்ர பேராவே இருக்கட்டும்."

மாமனார் இறந்ததிலிருந்து அத்தை எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. கல்யாண வீட்டில் பின்கட்டில் நின்று பக்குவம் சொல்லலாம், உப்புப் பார்க்கலாம், மண்டபத்துக்குள் மட்டும் வரக்கூடாது. அவர் கையால் ஆன குழம்பு தாராளமாக மண்டபத்துக்குள் போகும். "அவ சொல்றதும் சரிதான் கண்ணு" என்று அத்தையே சொல்லிவிட்டதால் எனக்கு வாதாட வழியில்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு என் பெயரிலேயே உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன், செயலியிலும் என் பெயரையே கொடுத்தேன்.

அடுத்து படம். வாழையிலையில் சோற்றைப் போட்டு, அத்தை நெய் ஊற்றுவதுபோல எடுத்து அனுப்பினோம். படத்தில் கை தெரிகிறது, கூடாது என்று செயலிக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். கையில்லாமல் எடுத்து, ஓரத்தில் எங்கள் அடுக்களையின் பெயரை அழகாக எழுதி அனுப்பினோம். எழுத்து தெரிகிறது, கூடாது. கடைசியில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரரைப் பிடித்தோம். அவர் குடை, விளக்கு எல்லாம் கொண்டுவந்து கொள்ளு ரசத்தை மணப்பெண்ணைப்போல இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து எடுத்தார். செயலியில் வந்த படத்தை அத்தையிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரூட்டுச் சோறு?" என்றார்.

கமிஷன் விஷயத்தை அத்தைக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. விற்கிற விலையில் ஏறக்குறைய கால்பங்கு அவர்களுக்கு. அந்தக் கால்பங்குக்கு வரி வேறு நாம் கட்ட வேண்டும். பட்டியலில் மேலே வர வேண்டுமென்றால் தள்ளுபடி கொடுக்கச் சொல்வார்கள், அதுவும் நம் பையிலிருந்துதான். நாம் சமைத்து, நாம் பாத்திரம் கழுவி, நாமே தள்ளுபடியும் கொடுத்தால், நம்மை நாலு பேர் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்வார்களாம். "அப்ப அவிய என்ன பண்றாங்க?" என்று அத்தை கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன்.

பார்சல்தான் எங்கள் மானத்தை வாங்கியது. முதல் வாரமே ஒருவர், "சுவை அருமை. பை முழுக்க ரசம்" என்று எழுதி இரண்டே நட்சத்திரம் போட்டார். அத்தை டப்பாவை வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டி அனுப்பினார். அதை அவிழ்க்க முடியவில்லை என்று அடுத்தவர் ஒன்றே ஒன்று போட்டார். பிறகு திருகுமூடி போட்ட பாட்டில் வாங்கினோம். சோறு வழியில் இறுகிக் கட்டியாகிவிடுவதால் கொஞ்சம் குழைய இறக்கி, நெய்யைத் தனிக் கிண்ணத்தில் வைத்தோம். நட்சத்திரம் மெல்ல ஏறியது.

அப்போதுதான் அக்கம்பக்கத்துக் கடைகளின் பெயருக்குப் பக்கத்தில், ஆள் வந்து சோதித்து மதிப்பெண் போட்டுத் தரும் சுகாதார முத்திரை முளைக்க ஆரம்பித்தது. முத்திரை இல்லாத நாங்கள் விரல் தேயத் தேயத் தேட வேண்டிய இடத்துக்குப் போய்விட்டோம். ஆர்டர் குறைந்து, சில நாள் போன் வாயே திறக்கவில்லை. என் நகையை அடகு வைத்து வாங்கிய பெரிய ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முத்திரை கிடைக்காவிட்டால் அடுக்களையைச் செயலியிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை. சோதனைக்குப் பணம் கட்டினேன்.

சோதனை நாளன்று நங்கை காலையிலேயே வந்துவிட்டார். நல்ல காரியமாம். எனக்குப் புதுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஜோடனை செய்துகொண்டதில்லை. அத்தையை மாட்டுக்கொட்டகைப் பக்கம் அனுப்பிவிட்டார்.

வந்த பரிசோதகர் பாலக்காட்டிலிருந்து வந்த மலையாளத்துப் பெண். நல்ல வளர்ப்பு, வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்ததும், "அடுக்களைக்கு மாத்திரம் போடற செருப்பு எவிடெ?" என்று கேட்டார். "அடுப்படிக்குள்ள செருப்பா!" என்று நங்கை நெஞ்சில் கை வைத்தார். அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டார்.

தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று, மூடிபோட்ட குப்பைத்தொட்டி, ஃப்ரிட்ஜின் குளிர் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பார்சல் கட்டிக் காட்டச் சொன்னார். நான் முன்னால் வந்தேன்.

"சேச்சி, பூ எடுக்கணும். தலையில தொப்பி வேணும். வளையும் ஊரணும், கேட்டோ. கண்ணாடியல்லே, ஒடஞ்சு சோத்துல வீழும்."

நான் ஒரு வளையலை உருவப் போனேன். நங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கழட்டறதா? அவ புருசன் கல்லாட்டம் இருக்கறானுங்க! நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது?"

புருஷனுக்கும் பார்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "மெடிக்கல் சர்ட்டிபிகேட் ரெண்டு பேருக்கு உண்டல்லோ. மற்றே ஆளு எவிடெ?"

நங்கை என்னைப் பார்த்தார். நான் கொல்லைப்பக்கம் பார்த்து, "அத்தே!" என்று கூப்பிட்டேன். நங்கை என் மணிக்கட்டை இன்னும் இறுக்கினார்.

அத்தை வந்தார். வெள்ளைச் சேலை. முடியை ஒன்றுகூட வெளியே தெரியாமல் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். பூ இல்லை, மோதிரம் இல்லை, வளையல் இல்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். சோற்றை எடுத்து டப்பாவில் போட்டு, ரசத்தை ஊற்றி மூடியைத் திருகி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

பரிசோதகருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனார். "சேச்சி, இதாணு சரியான கை. நீங்க ரெண்டு பேரும் இதைக் கண்டு படிக்கணும்" என்று எனக்கும் நங்கைக்கும் சொல்லிவிட்டு, அறிக்கையில் சேர்க்க அத்தையின் கைகளை விரித்துக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்.

அத்தை விரித்த கைகளைக் கீழே இறக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, வளையல நானாக் கழட்டலீங்க. இவிங்கப்பன் செத்தன்னிக்கு ஊரே கூடி நின்னு ஒடச்சு உட்டாங்க. அதுக்கும் சேத்தித்தான் மார்க் போட்டிருக்கறீங்களா?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, பேனா நின்றுவிட்டது. நங்கையின் பிடி என் மணிக்கட்டிலிருந்து தானாக நழுவியது. அவர் தன் அம்மாவைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரிசோதகர் மெதுவாகத் தாளைத் திருப்பினார். "முக்கிய சமையல்காரின்டெ பேரு இவிடெ எழுதணும். யார் பேரு?"

நங்கை வாயைத் திறப்பதற்குள் நான் அத்தையின் பெயரைச் சொன்னேன். பரிசோதகர் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். அத்தையே பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.